சர்வர் விழுந்த நேரத்தில் வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தக் காலத் தூர்தர்ஷனில் நிகழ்ச்சி பாதியில் நின்றால் திரையில் ஓர் அட்டை வரும்: "தடங்கலுக்கு வருந்துகிறோம்". ஏன் நின்றது, இப்போது என்ன நடக்கிறது, மறுபடி எப்போது எட்டிப் பார்க்கலாம் என்ற மூன்றில் ஒன்றுகூட அதில் இருக்காது. இன்றும் பல நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்புவது அந்த அட்டையைத்தான். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் நான். தீபாவளிக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை எங்கள் சர்வர் விழுந்தது. அன்று எழுதிய அறிவிப்புகளை வைத்தே கீழே உள்ள கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். சரியாக எழுதியவையும் உண்டு, சொதப்பியவையும் உண்டு.

காரணம் தெரிந்த பிறகு ஒரேயடியாக எழுதினால் போதாதா? அரைகுறையாக ஏன் போட வேண்டும்?

போதாது. எங்கள் டேட்டாபேஸ் காலை 10:52க்கு நின்றது. 10:55க்கு முதல் போன் வந்தது. 11 மணிக்குள் நான்கு இணைப்புகளும் நிரம்பிவிட்டன. கூப்பிட்டவர்கள் யாரும் காரணத்தைக் கேட்கவில்லை. "எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்றுதான் கேட்டார்கள். இது தெரியாத கடைக்காரர் தன் மோடத்தை அணைத்துப் போடுவார், கம்ப்யூட்டர்காரரை வரச்சொல்வார், ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார். எங்கள் தவறுக்கு அவர் வீணாக அலைவார்.

எனவே முதல் அறிவிப்பின் வேலை ஒன்றே ஒன்று: கோளாறு உங்கள் பக்கம் இல்லை, எங்கள் பக்கம் என்று சொல்வது. கோளாறு உண்மை என்று உறுதியானதிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் அது போக வேண்டும். நாங்கள் 11:04க்குப் போட்டது இது:

> காலை 10:52 முதல் எங்கள் சர்வர் இயங்கவில்லை. எல்லாக் கடைகளுக்கும் இதே நிலைதான். உங்கள் இணைய இணைப்பில் கோளாறு இல்லை. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அடுத்த தகவல் காலை 11:30க்கு.

இதில் ஒரு முக்கியமான வரி விடுபட்டுப்போனது. எங்கள் ஆப்பில் சர்வர் இல்லாமலும் பில் போடலாம். பில்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே சேர்ந்திருந்து பிறகு மேலே ஏறும். ஆனால் லாக்-அவுட் செய்துவிட்டால் மறுபடி உள்ளே வர சர்வர் வேண்டும். "லாக்-அவுட் செய்யாதீர்கள், ஆப்பை மூடாதீர்கள்" என்று அந்த முதல் அறிவிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். 11:28க்குத்தான் சொன்னோம். இடைப்பட்ட 24 நிமிடங்களில், "ஒருமுறை வெளியே போய் வந்தால் சரியாகிவிடும்" என்று நினைத்து வெளியேறியவர்கள் மதியம்வரை கையால் பில் எழுதினார்கள். காரணம் தெரியாவிட்டாலும், வாடிக்கையாளர் எதைச் செய்யக்கூடாது என்பது முதல் நிமிடத்திலேயே நமக்குத் தெரியும். அதை எழுத மறந்துவிடாதீர்கள்.

எல்லாரும் "எப்போது சரியாகும்" என்றுதானே கேட்கிறார்கள்? "அடுத்த தகவல் இத்தனை மணிக்கு" என்று போட்டால் மழுப்புவது போலத் தெரியாதா?

சரியாகும் நேரம் நம் கையில் இல்லை. அடுத்து எழுதும் நேரம் முழுக்க நம் கையில் இருக்கிறது. காப்பாற்ற முடிந்த வாக்கைத்தான் கொடுக்க வேண்டும்.

அன்று எங்கள் பொறியாளர் 11:20க்கு, "டிஸ்க்கைப் பெரிதாக்கினால் போதும், பத்து நிமிடம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றியது. அதை நம்பி "11:40க்குள் சரியாகும்" என்று போட இருந்தேன். உண்மையில் டேட்டாபேஸ் எழுந்தது 12:24க்கு. 11:40 என்று போட்டிருந்தால், 11:41க்கு எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் கூப்பிட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு நாங்கள் சொல்லும் எந்த நேரத்தையும் நம்பியிருக்கவும் மாட்டார்கள்.

கடைக்காரரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவருக்கு வேண்டியது ஒரு முடிவு எடுக்க உதவும் தகவல். "அடுத்த தகவல் 12 மணிக்கு" என்றால், 12 வரை போனைப் பார்க்க வேண்டியதில்லை, பில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வியாபாரத்தைக் கவனிக்கலாம் என்று அவருக்குத் தெரிகிறது. "விரைவில்", "சற்று நேரத்தில்", "கூடிய சீக்கிரம்" என்பவை அந்த நிம்மதியைத் தருவதில்லை. அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இடைவெளி எவ்வளவு என்பது கோளாறைப் பொறுத்தது. தேடிக்கொண்டிருக்கும் கட்டத்தில் அரை மணி நேரம் சரி. பதினைந்து நிமிடம் என்று வைத்தால், சரிசெய்பவரை எழுதுபவர் நச்சரிக்க வேண்டி வரும். பேக்கப்பிலிருந்து பல மணி நேரம் டேட்டா ஏறிக்கொண்டிருக்கும் கட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். இரவென்றால் "நாளை, ஞாயிறு, காலை 7:00க்கு" என்று கிழமையோடு சொல்லிவிட்டு நிறுத்தலாம். வெறுமனே "12 மணிக்கு" என்று எழுத வேண்டாம், பகலா இரவா என்று சொல்லுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் "இந்திய நேரம்" என்று சேருங்கள்.

வேலை எவ்வளவு ஆகும் என்று உண்மையிலேயே கணக்கிட முடிந்தால் அந்தக் கணக்கைக் காட்டலாம். "40 சதவீதம் ஏறியிருக்கிறது, இதுவரை ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது" என்றால் படிப்பவரே மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்வார். அது நாம் கொடுத்த வாக்கு ஆகாது.

சொன்ன நேரம் வந்துவிட்டது, ஆனால் புதிதாக எதுவும் இல்லை. பேசாமல் இருந்துவிடலாமா?

அப்போதுதான் கண்டிப்பாக எழுத வேண்டும். எங்கள் மதியம் 12:00 அறிவிப்பு இது:

> 11:28க்குச் சொன்ன நிலையில் மாற்றம் இல்லை. டிஸ்க் இடத்தைக் கூட்டும் வேலை எதிர்பார்த்ததைவிட நேரமாகிறது. லாக்-அவுட் செய்யாதவர்கள் தொடர்ந்து பில் போடலாம். அடுத்த தகவல் மதியம் 12:30க்கு.

இதில் புதுத் தகவல் ஏறக்குறைய பூஜ்யம். ஆனாலும் 12:05க்கு வந்த போன்கள் 11:05க்கு வந்ததில் பாதிகூட இல்லை. யாரோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அவர்களுக்கு வேண்டிய செய்தி. சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் போடுங்கள், பின்னால் போடாதீர்கள். சரிசெய்பவரே எழுதுபவராகவும் இருந்தால் இது நடக்காது. ஓர் ஆள் கீபோர்டில், இன்னோர் ஆள் கடிகாரத்தில். இரண்டே பேர் உள்ள நிறுவனமானாலும் இப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

காரணத்தை எந்த அளவுக்குச் சொல்வது? "தொழில்நுட்பக் கோளாறு" போதுமா?

"தொழில்நுட்பக் கோளாறு" என்பது காரணம் இல்லை. சர்வர் நின்றது என்பதையே வேறு வார்த்தையில் சொல்வது. அதற்காக, நடப்பதைச் சர்வர் குறித்துவைக்கும் லாகில் வந்ததை அப்படியே ஒட்டவும் கூடாது. எங்கள் சர்வர் சொன்னது இது:

```
PANIC:  could not write to file "pg_wal/xlogtemp.2114":
        No space left on device
```

உள்ளே நடந்தது இப்படி. முதன்மை டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் ஒரு நகல் சர்வர் இருந்தது. செலவைக் குறைக்க அதை வியாழக்கிழமை நிறுத்தினோம். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான PostgreSQL-இல் நகலுக்காக ஸ்லாட் என்ற ஒரு பதிவு வைத்திருப்போம். "இந்த நகல் இன்னும் படிக்கவில்லை" என்று அது குறித்து வைத்துக்கொண்டு, அதற்கான மாற்றப் பதிவுகளை அழிக்காமல் சேர்த்துவைக்கும். நகலை நிறுத்தினோம், ஸ்லாட்டை எடுக்கவில்லை. வராத ஆளுக்குச் சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டே போன கதை. தீபாவளி வியாபாரம் சூடாக இருந்ததால் இரண்டே நாளில் டிஸ்க் நிறைந்து, டேட்டாபேஸ் நின்றது. டிஸ்க் 80 சதவீதம் தாண்டியபோதே எச்சரிக்கை மின்னஞ்சல் போயிருக்கிறது, வேலையை விட்டுப் போன ஒருவரின் பெட்டிக்கு.

பார்ப்பதற்கு ஒரு வரி போதும். `active` என்ற இடத்தில் `f` என்றிருந்தால் அந்த ஸ்லாட்டை யாரும் படிக்கவில்லை:

```
SELECT slot_name, active FROM pg_replication_slots;
```

(இடம் கிடைக்கட்டும் என்று, மாற்றப் பதிவுகள் இருக்கும் `pg_wal` அடைவிலிருந்து கோப்புகளைக் கையால் அழிக்க யாரேனும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். டேட்டாபேஸ் திரும்பி எழாமலே போகலாம். டிஸ்க்கைப் பெரிதாக்கி, எழுப்பி, பிறகு ஸ்லாட்டை நீக்குவதுதான் வழி.)

கடைக்காரருக்கு இதில் எது வேண்டும்? 11:28க்கு எழுதியது:

> காரணம் தெரிந்துவிட்டது. டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க்கில் இடம் நிறைந்ததால் அது நின்றிருக்கிறது. டிஸ்க்கைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறோம். காலை 10:52 வரை போட்ட பில்கள் அழிந்ததற்கான அறிகுறி இதுவரை இல்லை. சர்வர் எழுந்ததும் சரிபார்த்துச் சொல்கிறோம். லாக்-அவுட் செய்யாதீர்கள். அடுத்த தகவல் மதியம் 12:00க்கு.

ஏன் நிறைந்தது என்பது அப்போது எங்களுக்கே தெரியாது. தெரிந்த அளவில் நிறுத்திக்கொண்டோம். ஊகத்தைக் காரணமாக எழுதுவதுதான் பெரிய ஆபத்து. 2025 நவம்பர் 18 அன்று, ஏராளமான இணையதளங்களுக்கு முன்னால் நின்று அவற்றைப் பாதுகாக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை விழுந்தபோது, யாரோ பெருந்தாக்குதல் நடத்துகிறார்கள் என்றுதான் அவர்களே முதலில் சந்தேகப்பட்டார்கள். சேவை இயங்குகிறதா என்று காட்டும் அவர்களுடைய நிலவரப் பக்கம் வேறிடத்தில் இயங்கியது, அதுவும் தற்செயலாக அதே நேரத்தில் நின்றுபோனது சந்தேகத்தைக் கூட்டியது. உண்மையான காரணம் அவர்களே செய்த ஒரு மாற்றம்: டேட்டாபேஸ் அனுமதி ஒன்றை மாற்றியதில் ஒரு கோப்பு இரட்டிப்பாகப் பெருத்து, அதைப் படிக்கும் மென்பொருளின் வரம்பைத் தாண்டிவிட்டது. அத்தனை அனுபவமுள்ளவர்களின் முதல் ஊகமே தவறு என்றால், நம் முதல் ஊகத்தை வாடிக்கையாளருக்கு அனுப்ப அவசரப்பட வேண்டியதில்லை. "சந்தேகிக்கிறோம்" என்று போட்டாலும் வாட்ஸ்அப் குழுக்களில் அது "ஹேக் ஆகிவிட்டது" என்றுதான் போய்ச் சேரும்.

தவறு எங்கள் ஆள் செய்ததென்றால் அதையும் எழுத வேண்டுமா?

ஆளை எழுத வேண்டாம், செயலை எழுதுங்கள். "தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதினால் மழை பெய்ததுபோல அது தானாக நடந்ததாகிவிடும். "நாங்கள் வியாழக்கிழமை செய்த மாற்றத்தில் ஒரு படியை விட்டுவிட்டோம்" என்பதில் எழுவாய் இருக்கிறது. அந்த "நாங்கள்" முழு நிறுவனம். ஒரு பையனின் தலையில் கட்டுவது இல்லை. சர்வர் வாடகைக்குத் தரும் கம்பெனியின் மீது பழி போடுவதும் எடுபடாது, கடைக்காரர் பணம் கட்டியது நமக்கு.

டேட்டா கொஞ்சம் போய்விட்டது என்று தெரிகிறது. எப்படிச் சொல்வது?

எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எது போனது, எது போகவில்லை என்று சொல்லுங்கள். இதற்கு நல்ல முன்மாதிரி 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் கிட்லேப் தளத்தில் நடந்தது. நகல் சர்வரில் அழிக்க வேண்டிய அடைவை ஒரு பொறியாளர் முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் சுமார் 4.5 ஜிபி மிஞ்சியது. பேக்கப்புகளைத் தேடினால் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. தினசரி பேக்கப் வெகுநாளாக ஓடவே இல்லை, அது தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. சோதனைச் சர்வருக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதி தற்செயலாக இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரவே 18 மணி நேரம் ஆனது.

அதற்குள் அவர்கள் செய்தது என்ன? பொறியாளர்களின் குறிப்பேட்டையே எல்லாரும் பார்க்கத் திறந்துவிட்டார்கள், வேலை நடப்பதை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். கவனிக்க வேண்டியது இழப்பைச் சொன்ன விதம்: அன்று யு.டி.சி. எனும் உலகப் பொது நேரப்படி 17:20 முதல் நள்ளிரவு 00:00 வரை டேட்டாபேஸில் ஏறியவை போயின. அதிகபட்சம் சுமார் 5,000 புராஜெக்டுகள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. நிரல்களைச் சேமித்திருந்த கிட் களஞ்சியங்களும் விக்கிகளும் தொலையவில்லை. படிப்பவர் இதை வைத்து, "நான் அன்று மாலை என்ன செய்தேன்?" என்று தனக்குத்தானே பார்த்துக்கொள்ள முடியும். "சில பயனர்களின் சில தரவுகள் பாதிக்கப்பட்டிருக்கலாம்" என்று எழுதியிருந்தால், ஒன்றும் ஆகாதவர்களும் சேர்ந்து பயந்திருப்பார்கள்.

"சரியாகிவிட்டது" என்று எப்போது போடலாம்?

நிலவரப் பக்கங்களில் வழக்கமாக நான்கு படிகள் இருக்கும்: `Investigating`, `Identified`, `Monitoring`, `Resolved`. தேடுகிறோம், கண்டுபிடித்துவிட்டோம், சரிசெய்து கவனித்துக்கொண்டிருக்கிறோம், முடிந்தது. பலரும் தாவிக்குதிக்கும் படி மூன்றாவது.

எங்கள் டேட்டாபேஸ் 12:24க்கு எழுந்தது. அறையில் கைதட்டல். நான் "முடிந்தது" என்று போடப் போனேன்; நல்லவேளை, பொறியாளர் தடுத்தார். 12:40க்குள் எல்லாக் கடைகளிலும் காலையிலிருந்து சேர்ந்திருந்த பில்கள் ஒரே நேரத்தில் மேலே ஏற முட்டிமோதி, சர்வர் மறுபடி திணறியது. தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போதுதான் கூட்டம் அதிகம். கடைகளைப் பிரித்துப் பிரித்து அனுமதித்துத்தான் சமாளித்தோம். 12:30 அறிவிப்பில் "சர்வர் எழுந்துவிட்டது, கவனித்துக்கொண்டிருக்கிறோம், சேர்ந்திருக்கும் பில்கள் ஏறும்வரை மெதுவாக இருக்கும்" என்று எழுதியிருந்ததால் மானம் தப்பியது.

மூன்று விஷயங்களைப் பார்த்த பிறகு முடிந்தது என்று போட்டோம். பிழைகளின் எண்ணிக்கை போன சனிக்கிழமை இதே நேரத்தில் இருந்த அளவுக்கு இறங்கியிருந்தது. கடைகளில் தேங்கியிருந்த பில்கள் எல்லாம் ஏறிவிட்டன. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு இணைய இணைப்பு உள்ள மூன்று கடைகளுக்கு நாங்களே போன் செய்து, அவர்கள் திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டோம். நம் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும்.

அறிவிப்பை எங்கே போடுவது? எஸ்.எம்.எஸ். நல்லதா?

விழுந்த சர்வரிலேயே நிலவரப் பக்கத்தை வைக்காதீர்கள். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 எனும் கோப்புச் சேமிப்புச் சேவை விழுந்தபோது, நிலவரப் பக்கத்தை மாற்றும் கருவியே எஸ்3யை நம்பியிருந்ததால் சுமார் இரண்டு மணி நேரம் ஒவ்வொரு சேவையின் நிலையையும் அதில் திருத்த முடியவில்லை. ட்விட்டரிலும் அந்தப் பக்கத்தின் மேல் அறிவிப்புப் பட்டையிலும்தான் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் தவறுதலாக 775 வாடிக்கையாளர்களின் தளங்களை அழித்தபோது, அவர்களைத் தொடர்புகொள்ளும் விவரங்களும் சேர்ந்தே போயின. யாருக்கு எழுதுவது என்றே தேட வேண்டியிருந்தது. வாடிக்கையாளரின் போன் எண் பட்டியல் ஒன்றை வெளியே தனியாக வைத்திருங்கள், மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள்.

எஸ்.எம்.எஸ். கடைக்காரரிடம் உடனே போய்ச் சேரும், ஆனால் இந்தியாவில் அதை அந்த நேரத்தில் உட்கார்ந்து எழுத முடியாது. வாசகத்தை முன்கூட்டியே, தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் பதிவு செய்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். மாறும் இடங்களை மட்டும் அந்த நேரத்தில் நிரப்பலாம். வாட்ஸ்அப் வணிகக் கணக்கிலும், நாமாகத் தொடங்கும் செய்திக்கு வார்ப்புரு அனுமதி முன்பே வேண்டும். அமைதியான ஒரு நாளில் இதைச் செய்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, தமிழ் எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "க்" என்பது இரண்டு. இது 60 குறிகள், ஒரே செய்தியில் அடங்கும்:

> பில்லிங் சர்வர் தடை. லாக்அவுட் வேண்டாம். அடுத்த தகவல் 11:30.

ஹேக்கிங் என்று உறுதியானால் இதே அறிவிப்பு போதுமா?

வாடிக்கையாளருக்கு எழுதுவது ஒரு வேலை, அரசுக்குத் தெரிவிப்பது இன்னொரு வேலை. 2022 ஏப்ரல் 28 ஆணைப்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அறிவிப்பு எழுதுபவரிடம் விடாமல் வேறொருவரிடம் கொடுங்கள்.

கடைசி அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும்? அதிலும் அடுத்த தகவல் நேரம் வேண்டுமா?

முழுக் காரணமும் எழுதி முடிக்கும்வரை வேண்டும். நாங்கள் சனிக்கிழமை 2:10க்குப் போட்டது:

> காலை 10:52 முதல் 12:24 வரை சர்வர் நின்றது. அதன் பிறகு 2:00 வரை மெதுவாக இருந்தது. இப்போது எல்லாக் கடைகளிலும் வழக்கம்போல் இயங்குகிறது. தடை நேரத்தில் கடையில் போட்ட பில்கள் அனைத்தும் ஏறிவிட்டன, எதுவும் அழியவில்லை. கையால் எழுதிய பில்களை மட்டும் நீங்கள் பதிய வேண்டும். பதியும் முன், அதே பில் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று இன்றைய பட்டியலில் பாருங்கள். உங்கள் வியாபார நாளைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறோம். டிஸ்க் ஏன் நிறைந்தது, இனி என்ன செய்யப்போகிறோம் என்பதைத் திங்கள் மாலை 5:00க்கு எழுதுகிறோம்.

திங்கள் 4:58க்கு எழுதினோம். ஸ்லாட்டை நீக்கியதும், சேர்த்துவைக்கும் அளவுக்கு `max_slot_wal_keep_size` என்ற வரம்பு வைத்ததும், எச்சரிக்கை இனி மூன்று பேரின் போனுக்குப் போவதும் அதில் இருந்தன. அதைப் படித்த ஒரு மளிகைக் கடைக்காரர் கூப்பிட்டு, "அந்த வேலையை விட்டுப் போனவர் பெட்டியில இன்னும் என்னென்ன கிடக்குன்னு பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டார். பார்த்தோம். எங்கள் தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய எஸ்.எஸ்.எல். சான்றிதழ் ஒன்பது நாளில் காலாவதியாகிறது என்று ஒரு மின்னஞ்சல் திறக்கப்படாமல் கிடந்தது.